சிங்கப்பூரிலிருந்து வந்த மீன் எண்ணெய் மாத்திரை ட்ரைகிளிசரைடைக் குறைக்குமா? யாருக்குப் பலன், யாருக்கு வீண் செலவு?

பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் சாக்லேட், தைலம், டார்ச் லைட்டோடு இப்போது இன்னொன்றும் வருகிறது. தங்க நிறத்தில் பளபளக்கும் மீன் எண்ணெய் மாத்திரை பாட்டில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பல வீடுகளில் சாமி படத்துக்குக் கீழே, சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு. "கொழுப்புக்கு நல்லதாம்ப்பா, தினமும் ரெண்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு மகன் விமானம் ஏறிவிடுவார்.

அந்த இரண்டு மாத்திரை உண்மையில் என்ன செய்கிறது? மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் ஒமேகா-3 மருந்தும் இதுவும் ஒன்றுதானா? டெல்டாவின் ஒரு குடும்பத்தை வைத்தே பார்த்துவிடலாம். குடும்பம் கற்பனை. ஆனால், அவர்கள் வீட்டு ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களும், அவர்கள் செய்யும் தவறுகளும் எந்த ஊரிலும் பார்க்கக்கூடியவை.

780 என்று ஒரு ரிப்போர்ட்

ஒரத்தநாடு பக்கம் 4 ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. வயது 54. எட்டு வருடமாகச் சர்க்கரை. சம்பா அறுவடை முடிந்த கையோடு ரத்தப் பரிசோதனை செய்தார். ட்ரைகிளிசரைடு 780. மொத்த கொலஸ்ட்ரால் 262. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல் 34. கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, 'கணக்கிட இயலவில்லை' என்று மட்டும் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி 10.2.

மருத்துவர் சர்க்கரை மருந்தை மாற்றி, கொழுப்புக்கு இரண்டு மாத்திரைகள் எழுதினார். அதில் ஒன்று ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட். அந்த நேரத்தில்தான் சிங்கப்பூர் பாட்டில் வீட்டுக்கு வந்தது.

"என்னங்க, டாக்டர் குடுத்த மாத்திரையில ஒண்ணு தீர்ந்துபோச்சே" என்று மனைவி கேட்டபோது, "அதான் தம்பி வாங்கியாந்த மீன் மாத்திரை இருக்கே, அது இயற்கையானதுதானே" என்றார். ஃபெனோஃபைப்ரேட் நின்றது. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. ட்ரைகிளிசரைடு 812.

மீன் எண்ணெய் ஏமாற்றிவிட்டதா? இல்லை. அது எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவுதான் செய்தது. அந்த அளவு என்ன என்பதைத்தான் யாரும் பாட்டிலில் படித்துப் பார்க்கவில்லை.

எண்ணெயே சாப்பிடலையே, எப்படி ஏறுது?

ட்ரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் ஓடும் கொழுப்பு. சாப்பிட்ட எண்ணெயிலிருந்து வருவது ஒரு பங்குதான். மிச்சத்தைக் கல்லீரலே தயாரிக்கிறது. உடம்புக்குத் தேவைக்கு மேல் மாவுச்சத்தும் இனிப்பும் உள்ளே வந்தால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லையென்றால் இந்த உற்பத்தி கூடும். மது குடித்தாலும் கூடும். அதனால்தான் "நான் வறுத்தது பொரித்தது தொடுவதே இல்லை" என்பவருக்கும் 400, 500 என்று ரிப்போர்ட் வருகிறது.

நெல் விளையும் ஊரில் இது முக்கியமான விஷயம். காலையில் இட்லி, மதியம் இலை நிறையச் சோறு, இரவு மறுபடி தோசையோ சோறோ. நடுவில் சர்க்கரை தூக்கலாக இரண்டு மூன்று டிகிரி காபி. விசேஷம் என்றால் திருவையாற்று அசோகா. முன்பு நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு அது எரிபொருள். இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வேலை குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை.

இதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நகரவாசிகளிடம் நடத்தி, 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பாலிஷ் செய்த அரிசி போன்ற தீட்டிய தானியங்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் ட்ரைகிளிசரைடும் அதிகமாக இருந்தன. நல்ல கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட 4 பகுதிகளில் நடந்த ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின் முதல் கட்டத்தில், 29.5 சதவிகிதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு இயல்பைவிட அதிகம். ஏறக்குறைய பத்தில் மூன்று பேர்.

500-ஐத் தாண்டினால் பயம் வேறு

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 150-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 150 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200 முதல் 499 வரை அதிகம். 500-ம் அதற்கு மேலும் 'மிக அதிகம்'.

500-க்குக் கீழே இருக்கும்போது மருத்துவர்களின் முதல் கவலை இதயம். வருடக்கணக்கில் மெதுவாக வரும் ஆபத்து அது. 500-ஐத் தாண்டியதும் இன்னொரு கவலை சேர்ந்துகொள்கிறது. அது கணையம். 1,000-ஐத் தாண்டினால் அந்த ஆபத்து மிகவும் கூடுகிறது.

கணையத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் கொழுப்பு குவியும்போது, கணையத்தின் நொதியே அதை உடைக்கிறது. அப்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கணையத்தின் திசுவையே புண்ணாக்குகின்றன. இதுதான் கணைய அழற்சி. பித்தப்பைக் கல், மதுப்பழக்கம் இரண்டுக்கும் அடுத்தபடியாக இதற்கு முக்கியக் காரணம் உயர்ந்த ட்ரைகிளிசரைடுதான். உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அறிகுறியைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுப் பக்கம் பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். கூடவே விடாத வாந்தி. பெரிய விருந்துக்கோ மது குடித்ததற்கோ பிறகு வந்தால் சந்தேகம் இன்னும் பலம். இதை வாயு என்று நினைத்து சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு இரவைக் கழிப்பதுதான் பலர் செய்யும் தவறு. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு அதிகம் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வலி வரும் முன்பே சில அடையாளங்கள் தெரியலாம். எடுத்த ரத்தம் தெளிந்ததும் மேலே நிற்கும் நீர், தெளிவாக இல்லாமல் பால் கலந்தது போல வெள்ளையாக இருக்கும். முழங்கை, பிட்டம், முதுகில் திடீரென்று சின்னச் சின்ன மஞ்சள் நிறக் கொப்புளங்கள் வரலாம். எல்.டி.எல் இடத்தில் எண் இல்லாமல் இருப்பதும் ஒரு குறிப்புதான். பல லேப்களில் எல்.டி.எல்-ஐ நேராக அளப்பதில்லை, மற்ற எண்களிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு தவறிவிடும்.

பாட்டிலின் பின்பக்கக் கணக்கு

இப்போது அந்த சிங்கப்பூர் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கலாம். முன்பக்கம் பெரிய எழுத்தில் '1000 மில்லிகிராம்' என்று இருக்கும். அது மீன் எண்ணெயின் மொத்த எடை. ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் சரக்கு அதற்குள் இருக்கும் இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் மட்டுமே. ஒன்று இ.பி.ஏ, இன்னொன்று டி.ஹெச்.ஏ. பின்பக்கம் பொடி எழுத்தில் அவற்றின் அளவு இருக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ 180, டி.ஹெச்.ஏ 120. இரண்டும் சேர்த்து 300 மில்லிகிராம். மிச்சம் 700 மில்லிகிராம் வேறு கொழுப்பு.

மருந்தாகத் தயாராகும் ஒமேகா-3 வேறு ரகம். மீன் எண்ணெயைச் சுத்திகரித்து, வேண்டாத கொழுப்பை நீக்கி, தேவையானதைச் செறிவாக்கி எடுப்பது. இதில் இரண்டு வகை முக்கியம். முதலாவது 'ஒமேகா-3 ஆசிட் எத்தில் எஸ்டர்ஸ்'. ஒரு கிராம் மாத்திரையில் இ.பி.ஏ சுமார் 465, டி.ஹெச்.ஏ சுமார் 375, ஆக 840 மில்லிகிராம். ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் உள்ளவர்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2004-ல் இதை அனுமதித்தது. இரண்டாவது 'ஐகோசாபென்ட் எத்தில்'. இதில் டி.ஹெச்.ஏ கிடையாது, சுத்திகரித்த இ.பி.ஏ மட்டுமே. 2012-ல் அதே காரணத்துக்காக அனுமதி பெற்றது. இரண்டுக்குமே முழு அளவு ஒரு நாளைக்கு 4 கிராம்.

கணக்கு இங்கேதான் இடிக்கிறது. முதல் வகை மருந்தில் 4 மாத்திரை என்றால் 3,360 மில்லிகிராம் ஒமேகா-3. நம் விவசாயி போட்ட இரண்டு மாத்திரையில் கிடைத்தது 600. தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 3,360-ஐ எட்ட அவர் தினமும் 11 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். அதோடு 11 கிராமுக்கு மேல் எண்ணெயும், சுமார் 100 கலோரியும் உள்ளே போகும். 200 மாத்திரை பாட்டில் மூன்று வாரத்துக்குள் காலி.

அப்படியே போட்டாலும் சிக்கல் தீராது. உணவுத் துணைப்பொருளாக விற்பவற்றில் பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறுகிறது. மீன் எண்ணெய் சூட்டிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் சரக்கு. ஒரு மாத்திரையைக் கிள்ளி முகர்ந்தால் தெரிந்துவிடும். லேசான மீன் வாடை இயல்பு, சிக்கு நாற்றம் அடித்தால் பாட்டிலையே தூக்கிப் போட வேண்டியதுதான். அமெரிக்க இதய சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிவுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது: உயர்ந்த ட்ரைகிளிசரைடுக்குச் சிகிச்சையாகக் கடை மீன் எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பள்ளிக்கூட நாளிலிருந்து நமக்குப் பழக்கமான மஞ்சள் மாத்திரை மீனின் ஈரலிலிருந்து எடுத்த 'காட் லிவர் ஆயில்'. அதில் ஏ, டி வைட்டமின்களும் இருக்கின்றன. ஒமேகா-3 வேண்டும் என்று அதைப் பத்து, பன்னிரண்டு என்று போட்டால் வைட்டமின் ஏ அளவு மீறி உடம்புக்குக் கெடுதலாகும்.

உணவா, மருந்தா என்று பெட்டியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இந்தியாவில் விற்கும் உணவுத் துணைப்பொருளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற ஆங்கில வாசகமும் இருக்கும். மருத்துவர் சீட்டில் மட்டுமே தர வேண்டிய மருந்தின் அட்டையில் 'ஆர்எக்ஸ்' குறியும் சிவப்புக் கோடும் இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது வேறு

மருந்து ரகமே கிடைத்தாலும் நம் விவசாயிக்கு அதுதான் முதல் வேலையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500-க்கு மேல் உள்ளவர்களுக்கு 4 கிராம் மருந்து ட்ரைகிளிசரைடை 30 சதவிகிதமோ, சிலருக்கு அதற்கு மேலுமோ குறைக்கிறது. 780-ல் 30 சதவிகிதம் போனால் 546. இன்னமும் 500-க்குக் கீழே வரவில்லை.

அதனால் மருத்துவர்கள் முதலில் காரணத்தைத் தேடுவார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா, மது பழக்கம் உண்டா, ஸ்டீராய்டு போன்ற வேறு மருந்து ஏதாவது காரணமா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். பரிசோதனையும் முறையாக இருக்க வேண்டும். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். லேபுக்குப் போகும் வழியில் ஒரு காபி குடித்தாலும் எண் மாறும். முந்தின இரவு மது குடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

நம் விவசாயி விஷயத்தில் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஹெச்.பி.ஏ1சி 10.2, வாரம் மூன்று நாள் மது, மதியம் மூன்று கப் சோறு. ஒரு கப் சோற்றிலேயே 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. இரண்டாவது முறை மருத்துவரிடம் போனபோது பாட்டிலையும் கையோடு கொண்டுபோனார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் தொடங்கப்பட்டது. ஃபெனோஃபைப்ரேட்டும் இதயத்துக்கான ஸ்டாட்டினும் தொடர்ந்தன. மது அறவே நின்றது.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று கப் ஒன்றானது. காலியான இடத்தைக் கீரை, வாழைத்தண்டு, பருப்பு, மீன் நிரப்பின. "மாமா, இன்னைக்கு சோறு இவ்வளவுதான், பொரியல் வேணும்னா இன்னும் வைக்கிறேன்" என்று மருமகள் அளந்து வைத்தார். "நம்ம வயல்ல வெளஞ்ச மாப்பிள்ளைச் சம்பாதானேம்மா" என்ற வாதம் எடுபடவில்லை. எடுபடவும் கூடாது. மாப்பிள்ளைச் சம்பாவோ, கருப்புக் கவுனியோ, தவிட்டோடு சாப்பிட்டால் நார்ச்சத்து கூடுதல் என்பது சரி. ஆனால், மூன்று கப் என்றால் மாவுச்சத்து மூன்று கப்புக்கு உண்டு.

எட்டு வாரம் கழித்து எண் 430. ஒமேகா-3 மருந்து தேவையே படவில்லை.

எண் 1,000-ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் உணவு விதி இன்னும் கடுமை. அவர்களுக்குச் சாப்பிடும் கொழுப்பும் ரத்தத்திலிருந்து வெளியேறாமல் தேங்குகிறது. அதனால் மாவுச்சத்தோடு எண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் மருத்துவமனை உணவியலாளர் சொல்லும் அளவுக்கு மிகவும் குறைக்க வேண்டும்.

அப்படியானால் யாருக்குத்தான் இந்த மருந்து?

இதே விவசாயிக்கு எல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகும் எண் 620-லேயே நின்றிருந்தால்? சிலருக்கு அப்படி நிற்கும். பரம்பரையாக வரும் கோளாறு அதற்கு ஒரு காரணம். அவர்கள்தான் இந்த மருந்தின் முதல் பயனாளிகள். 620-ல் 30 சதவிகிதம் குறைந்தால் 434. கணையத்தின் அபாயக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். மருந்தை உணவோடுதான் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. பெரும்பாலும் காலை 2, இரவு 2. எட்டு முதல் 12 வாரத்தில் மறுபரிசோதனை செய்தால் வேலை செய்கிறதா என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வகைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டி.ஹெச்.ஏ கலந்த வகை, ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு அதைக் குறைக்கும்போதே எல்.டி.எல்-ஐ ஏற்றிவிடலாம். சுத்திகரித்த இ.பி.ஏ மட்டும் உள்ள வகையில் அந்தப் பிரச்னை காணப்படவில்லை. அதனால் மறுபரிசோதனையில் எல்.டி.எல்-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பயனாளி வேறொருவர். பக்கத்துத் தெருவில் இருக்கும் 62 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட், சர்க்கரையும் உண்டு. ஸ்டாட்டின் சாப்பிட்டு எல்.டி.எல் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால், ட்ரைகிளிசரைடு 210. இவருக்குக் கணையம் பற்றிய பயம் இல்லை, இன்னொரு மாரடைப்பு வராமல் இருக்க வேண்டும் என்பதே கவலை. இப்படிப்பட்ட 8,179 பேரிடம் நடந்தது 'ரெட்யூஸ்-இட்' என்ற ஆய்வு. 11 நாடுகளில் நடந்தது, இந்தியாவும் அதில் ஒன்று. ஐகோசாபென்ட் எத்தில் 4 கிராம் சாப்பிட்டவர்களில், ஏறக்குறைய 5 வருடத்தில், 17.2 சதவிகிதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் போன்ற ஏதோ ஒன்று நேர்ந்தது. டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 சதவிகிதம். நூறு பேரில் ஐந்து பேர் தப்பித்தார்கள். அதை வைத்து 2019 டிசம்பரில் எஃப்.டி.ஏ இந்தப் பயன்பாட்டுக்கும் அனுமதி தந்தது.

ஆனால், இதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்துப் பேசவில்லை. அந்த ஆய்வின் டம்மி மாத்திரையில் இருந்தது மினரல் ஆயில். அது சாப்பிட்டவர்களின் எல்.டி.எல்-ஐக் கொஞ்சம் ஏற்றியதால், மருந்தின் பலன் பெரிதாகத் தெரிந்ததா என்ற கேள்வி எழுந்தது. இ.பி.ஏ, டி.ஹெச்.ஏ இரண்டும் கலந்த 4 கிராம் மருந்தை 13,078 பேரிடம் சோதித்த 'ஸ்ட்ரெங்த்' ஆய்வில், டம்மியாகச் சோள எண்ணெய் கொடுத்தார்கள். அதில் இதயத்துக்குப் பலன் எதுவும் தெரியாமல் 2020-ல் ஆய்வே பாதியில் நிறுத்தப்பட்டது. ஆக, ஆசிரியர் போன்றவர்களுக்கு இதய மருத்துவர் யோசித்து எழுத வேண்டிய மருந்து இது. ஸ்டாட்டினுக்கு மாற்றாக அல்ல, அதற்கு மேல் ஒன்றாக.

யாருக்குப் பலன் இல்லை?

மூன்றாவது ஆள் ஆசிரியரின் மகள். 35 வயது, நோய் எதுவும் இல்லை, ட்ரைகிளிசரைடு 170. "எதற்கும் இருக்கட்டும்" என்று தினம் ஒரு மீன் மாத்திரை போடுகிறார். இவரைப் போன்றவர்கள்தான் மிக அதிகம். தினம் ஒரு கிராம் ஒமேகா-3 மாத்திரையை 25,871 பேரிடம் சோதித்த 'வைட்டல்' ஆய்வும், சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் சோதித்த 'அசெண்ட்' ஆய்வும் 2018-ல் வெளியாயின. முக்கியமான இதயநோய், பக்கவாத நிகழ்வுகளை ஒட்டுமொத்தமாக அது குறைக்கவில்லை என்பதே இரண்டின் முடிவும். சோற்றையும் இனிப்பையும் குறைத்து, தினம் அரை மணி நேரம் நடந்தாலே 170 இறங்கக்கூடிய எண்தான்.

இவர் மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் மீனே வாங்கலாம். மல்லிப்பட்டினத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வரும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச்சத்து மிகுந்த கடல் மீன்களில் 100 கிராமுக்கு 1 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ ஒமேகா-3 கிடைக்கும். மீனையும் பருவத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். வாரம் இரண்டு நாள் குழம்பாக வைத்தால் போதும். ஆற்று, குளத்து மீன்களில் இது பொதுவாகக் குறைவு. விலை உயர்ந்த வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, இந்த விஷயத்தில் மலிவான மத்தி எதற்கும் சளைத்ததல்ல. ஆனால், மீன் குழம்பு இருக்கிறதே என்று 600 உள்ளவர் மருந்தை நிறுத்தக் கூடாது. அந்த அளவுக்கு ஒமேகா-3 வேண்டுமென்றால் நாள் தவறாமல் கால் கிலோவுக்கு மேல் மத்தி சாப்பிட வேண்டியிருக்கும்.

சைவக்காரர்கள் ஆளி விதையை நம்புகிறார்கள். அதில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. உடம்பு அதில் மிகச் சிறிய பகுதியைத்தான் இ.பி.ஏ-வாக மாற்றுகிறது. நார்ச்சத்துக்காகச் சாப்பிடலாம், மிக அதிக ட்ரைகிளிசரைடுக்கு அது மருந்தாகாது.

மருந்து என்றால் பக்கவிளைவும் உண்டு

மீனிலிருந்து வருவதால் எவ்வளவு போட்டாலும் தீங்கில்லை என்பது தவறு. 4 கிராம் அளவில் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' வரும் வாய்ப்பு கூடுகிறது. ரெட்யூஸ்-இட் ஆய்வில் இத்தகைய துடிப்புக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்து சாப்பிட்டோரில் 3.1 சதவிகிதம், டம்மி சாப்பிட்டோரில் 2.1 சதவிகிதம். படபடப்பு, மயக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே ஈ.சி.ஜி எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவு கொஞ்சம் கூடலாம். மீன் ஒவ்வாமை இருப்பவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மீன் வாடையோடு ஏப்பம் வருவது தொல்லைதான், ஆபத்தல்ல.

ஒரத்தநாட்டு வீட்டுக்கே திரும்புவோம். அடுத்த பொங்கலுக்கு மகன் மறுபடி வருகிறார். "அந்த மீன் மாத்திரை முடிஞ்சிருக்குமேப்பா, இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வரவா?" என்று போனில் கேட்கிறார். "அது வேணாம்ப்பா" என்கிறார் அப்பா. "சர்க்கரை பாக்குற மெஷினுக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துபோச்சு. வந்தா அதை வாங்கிட்டு வா."